லாப்லாசியன் முறையில் படக் கூர்மையை அளத்தல்

ஒரு புகைப்படத்தின் கூர்மையை ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும் கணக்கீடு இது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து எவ்வளவு சடாரென்று மாறுகிறது என்று பார்த்து, அந்த மாற்றங்களின் விலக்க வர்க்கச் சராசரியைக் கண்டால் கிடைப்பதே கூர்மை மதிப்பெண். எண் பெரிதாக இருந்தால் படம் கூர்மை, சிறிதாக இருந்தால் மங்கல். ஒழுங்கில்லாமல் குவிந்து கிடக்கும் பெரிய ஃபோல்டரிலிருந்து தெளிவான படங்களைப் பொறுக்கி எடுக்க இது வேகமான வழி. ஆனால் ஒரே காட்சியை எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போதுதான் இந்த எண்ணை நம்ப முடியும். இணையப் பாடங்களில் பரவிவிட்ட "100-க்குக் கீழே இருந்தால் மங்கல்" என்ற எல்லைக்கோட்டை ஃபோல்டர் முழுமைக்கும் போடுபவர்கள் நல்ல படங்களைத்தான் இழப்பார்கள்.

முறையின் பிறப்பைப் பார்த்தால் காரணம் புரியும். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் சிமோன் லாப்லாஸின் (1749–1827) பெயரைத் தாங்கிய கணிதச் செயலியைப் படங்களின் விளிம்பு காணப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அதன் விலக்க வர்க்கச் சராசரியைக் குவிய அளவாக வைக்கும் யோசனைக்கு இன்று பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது, பெச் பச்செகோவும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளை நுண்ணோக்கியில் தானாகக் குவியச் செய்வதே அவர்களுடைய வேலை. அங்கே கண்ணாடித் தகடும் விளக்கும் கேமராவும் மாறுவதில்லை. குவியம் மட்டும் ஏறி இறங்குகிறது. அதனால் எண் எந்த இடத்தில் உச்சம் தொடுகிறதோ அதுவே சரியான குவியம் என்று முடிவு செய்ய முடிந்தது. நம் ஃபோல்டரிலோ காட்சி, வெளிச்சம், நாய்ஸ் எல்லாமே மாறுகின்றன. இந்த முறை சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த நுண்ணோக்கியின் நிலைமையிலிருந்து விலகும் இடங்கள்தான்.

கணக்கு நடக்கும் விதம்

படத்தை முதலில் கறுப்பு வெள்ளையாக்குகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு கிடைக்கிறது. பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு பக்கத்து மதிப்புகளைக் கூட்டி, நடுப்புள்ளியின் மதிப்பை நான்கால் பெருக்கிக் கழிக்கிறார்கள். சீரான சுவரிலும் மெல்ல நிறம் மாறும் வானத்திலும் விடை சுழியை ஒட்டி நிற்கும். கூர்மையான விளிம்பில் ஒரு பக்கம் பெரிய மிகை எண்ணும் மறுபக்கம் பெரிய குறை எண்ணும் வரும்.

ஒரே ஒரு வரிசையை எடுத்துப் பார்ப்போம். கூர்மையான விளிம்பில் புள்ளிகள் 50, 50, 50, 200, 200, 200 என்று இருக்கின்றன. ஒரே வரிசை என்பதால் இடமும் வலமும் கூட்டி, நடுவின் இருமடங்கைக் கழித்தால் போதும். உள்ளே இருக்கும் நான்கு புள்ளிகளுக்கும் விடை 0, 150, −150, 0. அதே விளிம்பு சற்று மங்கி 50, 50, 100, 150, 200, 200 என்று சரிவாகிவிட்டால் விடை 50, 0, 0, −50. இரண்டிலும் சராசரி சுழி. விலக்க வர்க்கச் சராசரி முதலாவதில் 11,250, இரண்டாவதில் 1,250. விளிம்பு மூன்று படிகளாகச் சரிந்ததும் எண் ஒன்பதில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. மங்கல் சிறிதாக இருந்தாலும் இந்த எண்ணில் பளிச்சென்று தெரிவது இந்த வர்க்கத்தால்தான்.

பைத்தானில் ஓப்பன்சிவி நூலகம் இருந்தால் `cv2.Laplacian(img, cv2.CV_64F).var()` என்ற ஒரே வரி போதும். `cv2.CV_64F` என்பதற்குப் பதிலாக `cv2.CV_8U` போட்டால் குறை எண்கள் எல்லாம் சுழியாக வெட்டப்பட்டு, விளிம்பின் ஒரு பாதி காணாமல் போகும். நிரல் புகார் எதுவும் சொல்லாமல் தவறான எண்ணைத் தரும் என்பதால் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நாய்ஸும் வெளிச்சமும்

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். சில நொடிகளுக்குள் ஷட்டர் பலமுறை விழுகிறது. கைகள் அசைகின்றன, அட்சதை பறக்கிறது, ஃப்ளாஷ் சில ஃபிரேம்களில் மட்டும் அடிக்கிறது, மீதியில் ஐஎஸ்ஓ உயர்ந்து நாய்ஸ் ஏறுகிறது.

முதல் எதிரி நாய்ஸ். புள்ளிக்குப் புள்ளி தொடர்பில்லாமல் சிதறும் நாய்ஸ், லாப்லாசியனின் கண்ணுக்குக் கூர்மையான விவரமாகவே தெரியும். நான்கு பக்கத்து எண்களின் எடை தலா 1, நடுவின் எடை −4. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 20. ஆகவே நாய்ஸின் விலக்க வர்க்கச் சராசரி 20 மடங்காகப் பெருகி மதிப்பெண்ணில் ஏறுகிறது. திட்டவிலக்கம் 5 மட்டுமே உள்ள நாய்ஸ், ஒரு விளிம்புகூட இல்லாத வெற்றுச் சுவரின் படத்துக்கும் 20 × 25 = 500 மதிப்பெண் வாங்கித் தந்துவிடும். 100 என்ற எல்லைக்கோட்டின் கதி இதிலேயே தெரிகிறது.

மருந்தும் உண்டு. லாப்லாசியனுக்கு முன்னால் படத்தை லேசாக மென்மையாக்க வேண்டும். விளிம்பு காண்பதற்காக மாரும் ஹில்ட்ரெத்தும் 1980-இல் முன்வைத்த வழி இதுவே. 3 × 3 காஸியன் மென்மையாக்கலுக்குப் பிறகு அந்த 20 என்ற பெருக்கம் சுமார் 0.41 ஆகிவிடுகிறது. 500 வாங்கிய வெற்றுச் சுவர் இப்போது 10 மட்டுமே வாங்கும். இதற்கு விலையும் கொடுக்க வேண்டும். மேலே பார்த்த இரண்டு விளிம்புகளுக்கும் இதே மென்மையாக்கலைச் செய்தால், ஒன்பது மடங்காக இருந்த வித்தியாசம் மூன்று மடங்காகச் சுருங்குகிறது. பகல் வெளிச்சத்தில் குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படங்களுக்கு மென்மையாக்கல் வேண்டாம். மண்டபத்துப் படங்களுக்கு அது கட்டாயம் என்பது என் கருத்து.

இரண்டாவது எதிரி வெளிச்ச வேறுபாடு. புள்ளி மதிப்புகள் எல்லாம் பாதியானால் விளிம்பின் உயரமும் பாதியாகும். மதிப்பெண்ணோ கால் பங்காகும். கொஞ்சம் இருட்டான, ஆனால் கச்சிதமாகக் குவிந்த ஃபிரேம், வெளிச்சமான மங்கல் ஃபிரேமிடம் தோற்றுப்போகும். சராசரி வெளிச்சத்தின் வர்க்கத்தால் வகுத்தால் சிறு வேறுபாடுகள் சரியாகும். ஃப்ளாஷ் அடித்த படமும் அடிக்காத படமும் வேறு கதை. ஃப்ளாஷ் முன்னால் இருப்பவர்களை மட்டும் வெளிச்சமாக்குவதால் ஒரே வகுத்தல் அதைச் சரிசெய்யாது. படத்தோடு பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் ஃப்ளாஷ் அடித்ததா என்பதும் இருப்பதால், அதை வைத்து இருவகையையும் தனித்தனியாக ஒப்பிடுவது நல்லது.

கட்டம் கட்டமாகப் பார்த்தல்

பின்னணியை வேண்டுமென்றே மங்கவிட்டு முகத்தை மட்டும் குவியத்தில் பிடித்த படம், முழுப்படக் கணக்கில் பரிதாபமாகத் தோற்கும். பரப்பில் பெரும்பகுதி மங்கலாகவே இருப்பதால் சராசரி கீழே இழுக்கப்படுகிறது. படத்தை 8 × 8 என்று 64 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக மதிப்பெண் கண்டு, வரிசையில் மேலே இருக்கும் கட்டங்களை வைத்துத் தீர்மானிப்பது இதற்கு வழி. மிக உயர்ந்த ஒரே கட்டத்தை எடுத்தால் ஒரு சீரியல் பல்பு முடிவைத் திருப்பிவிடும். 90-ஆவது சதமான மதிப்பை எடுத்தால் குறைந்தது ஏழு கட்டங்களாவது கூர்மையாக இருந்தால்தான் எண் உயரும்.

```python
import cv2, numpy as np

def score(path, n=8):
    data = np.fromfile(path, dtype=np.uint8)
    if data.size == 0:
        return None
    img = cv2.imdecode(data, cv2.IMREAD_GRAYSCALE)
    if img is None:
        return None
    soft = cv2.GaussianBlur(img, (3, 3), 0)
    lap = cv2.Laplacian(soft, cv2.CV_64F)
    tiles = [t.var() for row in np.array_split(lap, n)
             for t in np.array_split(row, n, axis=1)]
    return np.percentile(tiles, 90) / max(img.mean(), 1) ** 2
```

`cv2.imread` இருக்கும்போது `np.fromfile` எதற்கு என்று கேட்கலாம். விண்டோஸில் ஃபோல்டருக்கோ ஃபைலுக்கோ தமிழில் பெயர் வைத்திருந்தால் `cv2.imread` படத்தைத் திறக்க முடியாமல் `None` என்று திருப்பித் தரும். "அக்கா கல்யாணம்" என்ற ஃபோல்டர் முழுவதும் இப்படி விடுபட்டுப்போவதுண்டு. ஃபைலைத் தனியாகப் படித்து `cv2.imdecode` வழியாகப் பிரித்தால் அந்தத் தொல்லை இல்லை. ஐபோனின் `.heic` படங்களுக்கும் பல கணினிகளில் `None` வரும். அவற்றை முதலில் ஜேபெக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். `None` வந்தவற்றை மங்கல் பட்டியலில் சேர்க்காமல் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

இந்த நிரல் படத்தின் அளவைக் குறைப்பதில்லை. 4,000 புள்ளி அகலப் படத்தை 1,000-க்குச் சுருக்கினால், மூன்று புள்ளி அகலத்துக்குப் பரவிய மங்கல் ஒரு புள்ளிக்குள் அடங்கி மறைந்துவிடும். நாம் தேடுவதே அந்த மங்கலைத்தான்.

ஃபோல்டரைப் பிரிக்கும் முறை

மதிப்பெண் கணக்கிடுவதை விடக் குழு பிரிப்பதில்தான் வேலையின் வெற்றி இருக்கிறது. எக்ஸிஃபில் உள்ள `DateTimeOriginal` நேரப்படி படங்களை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நொடிக்கு மேல் இடைவெளி வந்தால் புதிய குழு தொடங்குவதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு குழுவிலும் ஒரே கேமராவின் படங்கள் மட்டுமே இருக்க வேண்டும். ஃபைலின் மாற்றத் தேதியை நம்பக் கூடாது, அது நகலெடுக்கும்போதும் திருத்தும்போதும் மாறக்கூடும். `IMG-20240114-WA0007.jpg` போன்ற பெயருடன் வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எக்ஸிஃப் நீக்கப்பட்டிருக்கும், அளவும் சுருங்கியிருக்கும். மூலப்படங்களோடு அவற்றைப் போட்டியிட விடாமல் தனியாக வைப்பதே நியாயம்.

ஓடவிடும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கூர்மையான ஒரு படத்தை எடுத்து, காஸியன் மங்கலைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் மதிப்பெண் பார்க்க வேண்டும். எண் இடைவிடாமல் இறங்கினால் நிரல் சரி. நடுவில் ஏறினால் எங்கோ தவறு இருக்கிறது.

சோதனையில் தேறினாலும் இந்த எண்ணால் காண முடியாதவை உண்டு. கேமரா பக்கவாட்டில் அசைந்தால் செங்குத்துக் கோடுகள் மங்கும், கிடைக்கோடுகள் அப்படியே கூர்மையாக நிற்கும். வரிவரியான பின்னணியுள்ள படம் அசைவு மங்கலோடேயே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். கிடை, செங்குத்து என்று இரு திசைகளிலும் தனித்தனியாக இரண்டாம் வகைக்கெழு கண்டு ஒரு திசை மட்டும் குழுவின் மற்ற படங்களைவிடச் சரிந்திருக்கிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். மணமக்களின் முகத்தைத் தவறவிட்டு, பின்னால் உள்ள பூ அலங்காரத்தில் குவியம் விழுந்த படமும் மேலே வரும். பட்டுப்புடவையின் ஜரிகையும் இதையே செய்யும். இதற்கு முகத்தைக் கண்டறிந்து அந்தப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டும். ஓப்பன்சிவியிலேயே முகம் காணும் கருவிகள் இருக்கின்றன. கண் மூடிய முகம் கூர்மையாக இருந்தால் அதுவும் முதலிடம் பெறும்.

அதனால் நிரல் எதையும் அழிக்கக் கூடாது. மதிப்பெண்களை ஒரு சிஎஸ்வி ஃபைலில் எழுதி, குழுவின் முதல் படத்தை "தேர்வு" என்ற ஃபோல்டருக்கு நகலெடுத்தால் போதும். முதல் இரண்டு படங்களுக்கும் பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் நகலெடுப்பது நல்லது. அந்த அளவு வித்தியாசம் ஓர் அட்சதை மணி எங்கே பறந்தது என்பதாலேயே வந்திருக்கலாம். அப்படிப்பட்ட குழுக்களை 100 சதவீதம் பெரிதாக்கி, மணமக்களின் கண் இமைகளைப் பார்த்துக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும்.