ரேட்டுக்குள் ஒளிந்த கட்டணம்: சிங்கப்பூர்ப் பணம் அனுப்பும் காணொளிகளின் வரலாற்றுப் பின்னணி

சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளிக்கு ஊருக்குப் பணம் அனுப்பும் வழியைச் சொல்லித்தரும் காணொளிகளுக்கு ஒரு பழகிய அமைப்பு உண்டு. முதலில் எந்த நிறுவனம் எவ்வளவு கட்டணம் வாங்குகிறது என்று காட்டும் வண்ணப் பட்டைகள் வரும். மோசடி எச்சரிக்கை கடைசி ஒரு நிமிடத்தில் தனியாக வரும். இந்தப் பிரிப்பே தவறு என்பது என் வாதம். கட்டணம் பெரும்பாலும் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. மோசடிக்காரன் காட்டும் தூண்டிலும் ரேட்டுதான். அதனால் இரண்டையும் ஒரே படத்தில் காட்ட முடியும், காட்ட வேண்டும். அது ஏன் இன்று முடிகிறது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஏன் முடிந்திருக்காது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது.

மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தொழில் நடத்திய காலத்திலேயே ஊருக்குப் பணம் அனுப்புவது நம்பிக்கையும் நாணய மாற்றும் சேர்ந்த காரியமாக இருந்தது. சுதந்திர இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகி, 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேலும் கடுமையானபோது, வங்கி ரேட்டுக்கும் உண்டியல் ரேட்டுக்கும் பெரிய இடைவெளி விழுந்தது. உண்டியல்காரர் கூடுதலாகத் தந்ததற்குக் காரணம் தாராள மனமன்று. ரூபாயின் அரசு மதிப்பு செயற்கையாக உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தங்கக் கடத்தலுக்கும் கணக்கில் வராத இறக்குமதிக்கும் வெளிநாட்டு நாணயம் தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் கூடுதல் விலை கொடுத்தது. 1992-இல் தங்க இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, 1993 மார்ச்சில் ஒரே சந்தை ரேட் வந்தது. பழைய இடைவெளியின் அடிப்படையே அப்போது சரிந்தது. ஆனால் 'உண்டியலில் ரேட் கூடுதல்' என்ற பேச்சு மட்டும் தலைமுறை தாண்டி நின்றுவிட்டது.

அடுத்த திருப்பம் அளவீட்டில் நிகழ்ந்தது. உலக வங்கி 2008 முதல் பணம் அனுப்பும் செலவைத் திரட்டி வெளியிட்டு வருகிறது. வெளிப்படையான கட்டணத்தோடு, நடுச்சந்தை ரேட்டுக்கும் நிறுவனம் தரும் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கூட்டியே அது மொத்தச் செலவைக் கணக்கிடுகிறது. காணொளிப் பட்டைகள் பலவும் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்காட்டாக, நடுச்சந்தையில் ஒரு வெள்ளி 64 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் 5 வெள்ளி கட்டணம் வாங்கி 63.80 தருகிறது. இன்னொன்று 'கட்டணமே இல்லை' என்று சொல்லி 63.20 தருகிறது. கையிலிருக்கும் 1,000 வெள்ளியைக் கொடுத்தால் முதலாவதில் ஊருக்கு 63,481 ரூபாய் போகும், இரண்டாவதில் 63,200. இலவசம் என்றவரிடம் 281 ரூபாய் நட்டம். ஆனால் 200 வெள்ளி மட்டும் அனுப்பினால் நிலைமை தலைகீழாகிறது: 12,441-க்கு எதிராக 12,640. இந்த ரேட்டுகளில் சுமார் 532 வெள்ளியில்தான் தராசு சாய்கிறது. எனவே கட்டணத்தை மட்டும் காட்டும் பட்டை ஏமாற்றும். ஒரே தொகைக்கு வரைந்த பட்டையும் பாதி உண்மையைத்தான் சொல்லும். ஊரில் சேரும் ரூபாயை இரண்டு மூன்று தொகைகளுக்குக் காட்டுவதே பயன்படும். ரேட் மணிக்கு மணி மாறுகிறதே, காணொளி மறுநாளே பழசாகிவிடாதா என்று கேட்கலாம். எண் பழசாகும், கழித்துப் பெருக்கும் முறை பழசாகாது. படத்தில் தேதியும் நேரமும் இருந்தால் போதும்.

இப்போது அந்தப் படத்தில் நடுச்சந்தை ரேட்டை ஒரு கோடாக வரையுங்கள். நேர்மையான நிறுவனத்தின் பட்டை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். அந்தச் சிறு இடைவெளியும் கட்டணமுமே அதன் பிழைப்பு. 66 ரூபாய் தருகிறேன் என்று முகநூலில் விளம்பரம் செய்பவரின் பட்டை கோட்டைத் தாண்டிப் போகும். பழைய இடைவெளி சரிந்த பிறகு, அந்த 2 ரூபாய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இரண்டே வழிகள்: பணத்தை வாங்கிக்கொண்டு மறைவது, அல்லது வேறொருவரிடம் திருடிய பணத்தை உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுவிட்டு உங்கள் சுத்தமான வெள்ளியை எடுத்துக்கொள்வது. இரண்டாவதுதான் கொடியது. பணம் வந்துவிட்டதென்று குடும்பம் நிம்மதியாக இருக்கும். சில வாரம் கழித்துச் சைபர் குற்றப் புகாரில் கணக்கு முடக்கப்படும். உரிமம் பெற்ற புதிய செயலிகளும் முதல் தடவைக்குச் சந்தையை மிஞ்சிய சலுகை தருகின்றனவே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்தச் சலுகை புது வாடிக்கையாளருக்கு, வரம்புக்குட்பட்ட தொகைக்கு மட்டும். தினமும் எல்லோருக்கும் கிடைக்காது.

உரிமம் பார்த்தால் போதும் என்ற அறிவுரையிலும் ஓட்டை இருக்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைச் சரிபார்ப்பது முதல் படி மட்டுமே. உரிமம் பெற்ற நிறுவனங்கள் மூலம் சீனாவுக்குப் போன பணம் கடைசிக் கட்டத்தில் மூன்றாம் நபர்கள் வழியாகச் சேர்ந்ததால், பெற்றவர்களின் கணக்குகள் அங்கே முடக்கப்பட்டன. 2024 ஜனவரி முதல் வங்கி, அட்டை வழிகளைத் தவிர மற்றவற்றில் சீனாவுக்கு அனுப்புவதை ஆணையம் நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆகவே காணொளி கடையின் வாசலோடு நிற்கக் கூடாது; ஊர் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் வரவைக் காட்டும் ஒரு வரியையும் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். வரவு எந்தப் பெயரில் விழுந்திருக்கிறது? நிறுவனத்தின் பெயரிலோ அதன் வங்கியின் பெயரிலோ விழுந்திருந்தால் சரி. முன்பின் தெரியாத தனிநபர் பெயர் இருந்தால், அல்லது ஒரே தொகை மூன்று பேரிடமிருந்து துண்டு துண்டாக வந்திருந்தால், அடுத்த மாதம் அந்தக் கடைக்குப் போகும் முன் வீட்டிலிருந்து தகவல் வந்தாக வேண்டும்.