வகைக்கெழுவின் குறி போதும்: ஒருமாறிக் குவிவுச் சார்பின் சிறுமத்தைத் தேடும் இருசமக்கூறிடல் முறை

ஒரே மாறியைக் கொண்ட, வகையிடத்தக்க குவிவுச் சார்பு f ஒன்றின் சிறுமத்தை [a, b] என்ற இடைவெளியில் தேடுகிறோம் என்க. குவிவுச் சார்பில் f′ எங்கும் இறங்குவதில்லை. ஆகவே f′(a) < 0, f′(b) > 0 என்றால் சிறுமம் இடையில்தான் இருக்கும். நடுப்புள்ளி m-இல் f′(m) நேர்க்குறி கொண்டிருந்தால் வலப்பாதியையும், எதிர்க்குறி கொண்டிருந்தால் இடப்பாதியையும் விலக்கிவிடலாம். சுழியாக இருந்தால் m-தான் விடை. தொடக்கத்தில் f′(a) ≥ 0 என்றிருந்தால் சிறுமம் a-யிலேயே கிடைத்துவிடும், b-க்கும் இதுபோலவே. இம்முறை எளிது, ஆனால் மெதுவானது என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த மதிப்பீடு வேகத்தை மட்டும் பார்க்கிறது. எட்டக்கூடிய துல்லியத்தையும், கிடைத்த விடைக்கான உறுதியையும் சேர்த்துப் பார்த்தால் இம்முறையின் இடம் மாறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

f(x) = eˣ − 2x என்பதை [0, 1] இடைவெளியில் எடுத்துக்கொள்வோம். f′(x) = eˣ − 2; சிறுமம் ln 2, அதாவது ஏறத்தாழ 0.6931. முதல் நடுப்புள்ளி 0.5-இல் வகைக்கெழு −0.351, இடைவெளி [0.5, 1] ஆகிறது. 0.75-இல் அது +0.117, இடைவெளி [0.5, 0.75]. 0.625-இல் −0.132, இடைவெளி [0.625, 0.75]. அடுத்த நடுப்புள்ளி 0.6875-இல் −0.0113. இந்த இடத்தில் குவிவுத்தன்மை இன்னொரு பயனையும் தருகிறது. தொடுகோடு எப்போதும் வரைபடத்திற்கு மேலே போகாது என்பதால், f(m) உண்மையான சிறும மதிப்பைவிட |f′(m)| × (b − a)/2 என்ற அளவுக்கு மேல் கூடுதலாக இருக்க முடியாது. இங்கே அந்த வரம்பு 0.0113 × 0.0625, அதாவது ஏறத்தாழ 0.0007. உண்மையான வேறுபாடு இதைவிடச் சிறியது, சுமார் 0.00003. விடை தெரியாத கணக்கிலும் இந்த வரம்பை எழுதிவிடலாம். தேடலை எங்கே நிறுத்துவது என்று அதுவே சொல்லும்.

சார்பின் மதிப்பை மட்டும் ஒப்பிடும் பொன்விகிதத் தேடல் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் இடைவெளியை 0.618 மடங்காகவே சுருக்குகிறது. அகலம் 1-ஐ பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவர இருசமக்கூறிடலுக்கு 20 படிகள் போதும். பொன்விகிதத் தேடலுக்கு 29 சுருக்கங்கள் வேண்டும். ஆனால் முக்கியமான வேறுபாடு இந்த எண்ணிக்கையில் இல்லை. சிறுமத்தின் அருகே வரைபடம் தட்டையாகிவிடுகிறது. நம் எடுத்துக்காட்டில் ln 2-இலிருந்து δ தொலைவு விலகினால் சார்பின் மதிப்பு சுமார் δ² மட்டுமே உயர்கிறது. δ = 10⁻⁸ என்றால் உயர்வு 10⁻¹⁶; 64 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கில் 0.61-ஐ ஒட்டிய அடுத்தடுத்த எண்களின் இடைவெளியே ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்குப் பின் எந்தப் புள்ளி தாழ்ந்தது என்பதை முழுமையாக்கல் பிழை தீர்மானிக்கத் தொடங்குகிறது. வகைக்கெழுவோ அதே இடத்தில் 2δ, அதாவது 2 × 10⁻⁸. அதன் குறியில் ஐயமே எழாது. மதிப்பை ஒப்பிடும் முறை ஏறத்தாழ எட்டுத் தசம இடங்களில் நின்றுவிட, குறியைப் பார்க்கும் முறை பதினைந்து இடங்கள்வரை போகிறது.

வகைக்கெழுவின் அளவைக் கைவிட்டுக் குறியை மட்டும் பயன்படுத்துவது வீண் அல்லவா, நியூட்டன் முறை சரியான இலக்கங்களை ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாக்குகிறதே என்று கேட்கலாம். சிறுமத்தின் அருகே அது உண்மை. ஆனால் √(1 + x²) என்ற சார்பைப் பாருங்கள். வழவழப்பானது, கண்டிப்பாகக் குவிவானது, சிறுமம் 0-இல். இதில் நியூட்டன் படி x-ஐ −x³ ஆக மாற்றுகிறது: 2-இல் தொடங்கினால் −8, பிறகு 512. இருசமக்கூறிடலோ இங்கும் தவறாமல் பாதியாக்கும். குறி மட்டுமே தெரியும் நிலையில் இதைவிட நல்ல உறுதியைத் தரவும் முடியாது: இடைவெளியை எங்கு வெட்டினாலும் மோசமான நேர்வில் பெரிய துண்டே எஞ்சும், அதை மிகச் சிறியதாக்கும் வெட்டு நடுவில்தான். எனவே நியூட்டன் தரும் புள்ளி இடைவெளிக்குள் விழுந்து, இடைவெளியையும் போதிய அளவு சுருக்கினால் ஏற்று, இல்லையேல் நடுப்புள்ளிக்குத் திரும்புவதே தக்க இணைப்பு.

இரண்டாவது எதிர்ப்பு வலுவானது: வகைக்கெழு எப்போதும் கைக்கெட்டுவதில்லை. அதை அருகருகே இரண்டு சார்பு மதிப்புகளின் வேறுபாட்டால் தோராயமாகப் பெற்றால், ஒரு பாதியாக்கலுக்கு இரண்டு மதிப்பீடுகள் செலவாகும். மதிப்பீடு ஒன்றுக்குச் சுருக்கம் 0.707 மட்டுமே, பொன்விகிதத் தேடலைவிட மோசம். சிறுமத்தின் அருகே அந்த வேறுபாடே முழுமையாக்கல் பிழையில் மூழ்குவதால் துல்லியமும் பறிபோகும். அந்நிலையில் பொன்விகிதத் தேடலையோ, மதிப்பீடுகளின் எண்ணிக்கை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தால் 1953-இல் ஜாக் கீஃபர் ஆராய்ந்த ஃபிபனாச்சித் தேடலையோ கொள்வதே முறை. குவிவுத்தன்மை இல்லாவிட்டாலும், f′ தொடர்ச்சியானதாக இருந்து, அது இடமுனையில் எதிர்க்குறியும் வலமுனையில் நேர்க்குறியும் கொண்டிருந்தால், ஓர் இடஞ்சார்ந்த சிறுமம் இடைவெளிக்குள் சிக்கும். அது முழுச் சிறுமம் என்ற உறுதியும், மேலே கண்ட தொடுகோட்டு வரம்பும் மட்டும் போய்விடும். ஆகவே இம்முறையின் தகுதி இரண்டு நிபந்தனைகளைப் பொறுத்தது: சார்பு குவிவானதாக இருக்க வேண்டும், வகைக்கெழு சூத்திரத்திலிருந்து நேரடியாகக் கணிக்கப்பட வேண்டும். இரண்டும் நிறைவேறும் இடத்தில், பாதிக்குப் பாதி என்ற இதன் மெதுவான வேகம் குறையாகாது.