நீல மூடியும் ஊதா மூடியும்: கால்சியத்தைக் கட்டும் இரு மருந்துகளின் வரலாறு

நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் கொஞ்சத்தை நீல மூடிக் குழாயிலும் கொஞ்சத்தை ஊதா மூடிக் குழாயிலும் பிடிக்கிறார்கள். நீலத்தில் சோடியம் சிட்ரேட்டும் ஊதாவில் இ.டி.டி.ஏ.வும் இருக்கின்றன. இரண்டும் இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறைதலைத் தடுப்பவை. வேலை ஒன்றே என்றால் குழாய் ஏன் இரண்டு? ஒவ்வொரு சோதனைக்கும் இரத்தத்தில் எது கெடாமல் இருக்க வேண்டும் என்பது வெவ்வேறு காலங்களில் தெரியவந்ததே இதற்குக் காரணம் என்று இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

ஆக்சலேட்டிலிருந்து சிட்ரேட்டுக்கு

1890-இல் பிரான்சின் ஆர்த்தூஸும் பாஜேயும், ஆக்சலேட் சேர்த்த இரத்தம் உறைவதில்லை என்றும், கால்சியத்தைத் திரும்பச் சேர்த்தால் உறைந்துவிடுகிறது என்றும் காட்டினர். ஆனால் ஆக்சலேட் நச்சு. அதை மனித உடலுக்குள் செலுத்த முடியாது. அந்த இடத்தைச் சிட்ரேட் பிடித்தது. 1914-இல் பிரஸ்ஸல்ஸில் ஹஸ்டினும் புவெனஸ் அயர்ஸில் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த இரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றினர். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் லூயிசோன், 0.2 சதவீத அளவு பாதுகாப்பானது என்று நிறுவினார்.

ஆய்வுக்கூடத்தில் மட்டும் ஆக்சலேட் இன்னும் சில காலம் நிலைத்தது. 1935-இல் குவிக் வகுத்த புரோத்ராம்பின் நேரச் சோதனையும் ஆக்சலேட் பிளாஸ்மாவில்தான் நடந்தது. அந்தப் பிளாஸ்மாவை வைத்திருந்து சோதித்தால் உறையும் நேரம் நீண்டுகொண்டே போவதை 1943-இல் அவரே கண்டார். எளிதில் அழியும் ஏதோ ஒரு காரணி அதில் இருந்தது. நார்வேயின் ஓவ்ரன் தனியே கண்டறிந்த ஐந்தாம் காரணி அதுதான். ஆக்சலேட்டைவிடச் சிட்ரேட்டில் அது நெடுநேரம் தாங்கும். உறைதல் சோதனைகள் சிட்ரேட்டுக்கு மாறியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

சிட்ரேட்டின் பிடி தளர்வானது. சோதனையின்போது கால்சியம் சேர்த்தால் உறைதல் மீண்டும் தொடங்குகிறது. எத்தனை நொடியில் உறைகிறது என்று அளக்கிறார்கள். அதனால்தான் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதம் கறாராக வேண்டும். 2.7 மி.லி. இரத்தம் பிடிக்கும் குழாயில் 0.3 மி.லி. சிட்ரேட் இருக்கும். பாதியளவே இரத்தம் விழுந்தால் மிஞ்சிய சிட்ரேட், பின்னர் சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கிவிடும். ஒழுங்காக உறையும் இரத்தமும் உறையாத இரத்தம்போலக் காட்டும். சிவப்பணுக்களின் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குக் குழாயை நிரப்பினாலும் இதே பிழை நேரும். பிளாஸ்மா குறைவாக இருப்பதால் சிட்ரேட்டின் அளவைக் குறைத்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும்.

அணுக்களைக் காக்கும் இ.டி.டி.ஏ.

அணுக்களை எண்ணுவோரின் கவலை வேறு. அவர்களுக்கு அணுக்கள் வீங்கவோ சுருங்கவோ கூடாது. நீர்மருந்து கலந்து எண்ணிக்கை நீர்த்துப்போகவும் கூடாது. அம்மோனியம் ஆக்சலேட் அணுக்களை வீங்கவைக்கும், பொட்டாசியம் ஆக்சலேட் சுருக்கும். ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும் என்று 1930-களில் இரண்டையும் கலந்து பயன்படுத்தினர். சிவப்பணுக்களின் பருமன் காக்கப்பட்டது. ஆனால் ஸ்மியரில் வெள்ளணுக்களின் உருவம் விரைவில் சிதைந்தது.

இ.டி.டி.ஏ. பிறந்தது மருத்துவத்துக்காக அல்ல. ஜவுளித் தொழிலில் தண்ணீரிலுள்ள கால்சியத்தைக் கட்ட, சிட்ரிக் அமிலத்துக்கு மாற்றாக ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் மியூன்ஸ் 1935-இல் இதை உருவாக்கினார். 1950-களின் தொடக்கத்தில் இது இரத்தப் பரிசோதனைக்கு வந்தது. கால்சியத்தை மிக இறுக்கமாகப் பிடிப்பதால் மிகச் சிறிதளவே போதும். குழாயின் உட்சுவரில் உலர்பூச்சாகத் தெளித்துவிடலாம், இரத்தம் நீர்க்காது. இந்த இறுக்கமே உறைதல் சோதனைக்கு இதைத் தகுதியற்றதாக்குகிறது. 1940-களின் இறுதியில் ஜோசப் கிளைனரின் வெற்றிடக் குழாய் வந்தபின், மருந்தை அளந்து முன்கூட்டியே அடைத்து விற்க வழி பிறந்தது. உள்ளே இருப்பதை மூடியின் நிறம் சொன்னது.

ஒரு குழாய் பொய் சொல்லும்போது

இரத்தக்கசிவு எதுவுமில்லாத ஒருவரின் ஊதாக் குழாயில் தட்டணு 40,000 என்று இயந்திரம் காட்டுகிறது என்று கொள்வோம். ஸ்மியரை நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் ஓரத்தில் தட்டணுக்கள் திட்டுத்திட்டாக ஒட்டிக் கிடக்கின்றன. கால்சியம் இழந்த தட்டணுவின் மேற்பரப்பில் மறைந்திருந்த ஒரு பகுதி வெளிப்படுகிறது. அவர் இரத்தத்திலுள்ள எதிர்ப்புரதம் அதைப் பற்றித் தட்டணுக்களை ஒட்டவைக்கிறது. திட்டுகளை இயந்திரம் தட்டணுவாக எண்ணுவதில்லை. நீலக் குழாயில் மறுபடி எடுத்தால் 1,80,000 வருகிறது. சிட்ரேட்டால் நீர்த்த பத்தில் ஒரு பங்கை ஈடுகட்ட 1.1-ஆல் பெருக்கினால் 1,98,000. நோய் எதுவுமில்லை. சிலருக்குச் சிட்ரேட்டிலும் திட்டுகள் உருவாகும் என்பதால் இரண்டாம் ஸ்மியரையும் பார்க்காமல் முடிவு எழுதக்கூடாது.

முடிவு

ஒரு சோதனைக்கான பாதுகாப்பே இன்னொன்றுக்குக் கேடாகிறது. சீரத்துக்கான குழாயில் இரத்தம் குறைந்ததென்று ஊதாவிலிருந்து சிறிது ஊற்றினால், இ.டி.டி.ஏ.வுடன் வந்த பொட்டாசியம் முடிவை ஏற்றிவிடும். கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரியும். இரத்தம் எடுக்கும்போது நீலத்தை முன்னும் ஊதாவைப் பின்னும் வைக்கும் வரிசையும் இந்தக் கலப்படத்தைத் தவிர்க்கவே. ஈசிஜி சீராக இருப்பவரிடம் இம்மூன்று மாற்றங்களும் ஒன்றாகத் தென்பட்டால், சிகிச்சை தொடங்கும் முன் புதிதாக இரத்தம் எடுத்துப் பார்ப்பதே முறை.