அஞ்சல் கப்பலும் வளைகுடா நீரோட்டமும்



வளைகுடா நீரோட்டம் ஐரோப்பாவுக்கு வெப்பம் தருகிறது என்னும் செய்தியைப் புவியியல் படித்தோர் அனைவரும் அறிவர். நாமும் அதையே மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். இக்கருத்து எவ்வாறு பிறந்தது, அதில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை வரலாற்றின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாமதமான கடிதங்கள்

1768ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டனில் இருந்தார். அமெரிக்கக் குடியேற்றங்களின் அஞ்சல் துறைக்குப் பொறுப்பாளர்களுள் அவரும் ஒருவர். அப்போது அவரிடம் ஒரு முறையீடு வந்தது. இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்திலிருந்து நியூயார்க் செல்லும் அஞ்சல் கப்பல்கள், இலண்டனிலிருந்து ரோட் தீவுக்குச் செல்லும் வணிகக் கப்பல்களைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் தாமதமாகச் சென்றடைந்தன. வணிகக் கப்பல்களோ மிகுந்த சரக்கேற்றியவை; மாலுமிகளும் குறைவு; புறப்படும் இடமும் தொலைவு. அவை எவ்வாறு முந்துகின்றன என்பது பிராங்கிளினுக்குப் புதிராக இருந்தது.

அவர் தம் உறவினரும் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த கப்பல் தலைவருமான திமத்தி போல்ஜரிடம் கேட்டார். போல்ஜர் திமிங்கில வேட்டையில் தேர்ந்தவர். திமிங்கிலங்கள் அந்த நீரோட்டத்தின் ஓரங்களிலேயே திரிகின்றன, அதன் உள்ளே வருவதில்லை. ஆதலால் வேட்டைக்காரர்கள் ஓரத்தைப் பின்பற்றிச் செல்வதும், நீரோட்டத்தைக் குறுக்கே கடப்பதும் வழக்கம். அவ்வாறு கடக்கும்போது அஞ்சல் கப்பல்கள் அதன் நடுவிலேயே எதிர்த்துப் போராடிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நீர் உங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது, குறுக்கே கடந்து வெளியேறுங்கள் என்று அறிவுரையும் கூறியிருக்கிறார்கள். எளிய மீனவர்களின் சொல்லை அத்தலைவர்கள் பொருட்படுத்தவில்லை.

மணிக்கு மூன்று மைல் என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளில் அது 72 மைலாகிறது. காற்று மெல்ல வீசும் நாளில், கப்பல் முன்னே செல்லும் தொலைவைவிட நீர் அதைப் பின்னே இழுக்கும் தொலைவு மிகுதி.

போல்ஜர் நீரோட்டத்தின் பாதையை வரைந்து கொடுத்தார். பிராங்கிளின் அதைக் கடல் வரைபடமாக அச்சிடச் செய்தார். ஆயினும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை. அவ்வரைபடமும் நெடுங்காலம் காணாமற்போயிருந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

கடலில் நனைத்த வெப்பமானி

போல்ஜர் கண்டது நீரின் வேகம். பிராங்கிளின் அடுத்து ஆராய்ந்தது அதன் வெப்பம். 1775, 1776, 1785 ஆகிய ஆண்டுகளில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அவர் வெப்பமானியைக் கடல்நீரில் இறக்கி அளவெடுத்தார். கடைசிப் பயணத்தின்போது அவருக்கு வயது 79. நீரோட்டத்தினுள் நுழைந்ததும் நீரின் வெப்பம் உயர்வதை அளவுகள் காட்டின. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றின் கரையை வெப்பமானியால் அறியலாம் என்பது இதனால் உறுதியாயிற்று.

இந்த ஆறு எவ்வாறு ஓடுகிறது? வெப்பமண்டலத்தில் கிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று நீரை மேற்கு நோக்கித் தள்ளுகிறது. வடக்கே, மேலைக்காற்று அதைக் கிழக்கு நோக்கித் திருப்புகிறது. இவ்வாறு பெருங்கடல் நீர் ஒரு பெரும் வட்டமாகச் சுழல்கிறது. பூமியின் சுழற்சியால் அவ்வட்டத்தின் மேற்கு ஓரம் மட்டும் குறுகி விரைகிறது. அதுவே வளைகுடா நீரோட்டம். புளோரிடா அருகே அது நொடிக்கு ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் நீரைச் சுமந்து செல்கிறது. உலகின் ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கடலில் கொட்டும் நீரைப் போல் இது இருபது மடங்குக்கும் மேலாகும். அதன் ஒரு கிளை வடகிழக்காக நார்வே வரை நீள்கிறது.

குழாய் என்னும் உவமை

1855இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ பான்டெயின் மோரி, கடலின் இயற்கைப் புவியியல் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அதில் வெப்பமண்டலத்தை அடுப்பாகவும், மெக்சிகோ வளைகுடாவையும் கரீபியக் கடலையும் கொப்பரைகளாகவும், வளைகுடா நீரோட்டத்தை வெந்நீர் கொண்டுசெல்லும் குழாயாகவும் உவமித்தார். மேற்கு ஐரோப்பாவின் மிதமான குளிர்காலத்துக்கு இக்குழாயே காரணம் என்றார். உவமை எளியது, ஆதலால் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

2002இல் ரிச்சர்ட் சீகரும் அவருடன் பணியாற்றிய அறிவியலாளர்களும் இக்கருத்தைக் கேள்விக்குள்ளாக்கினர். அவர்களது வாதத்தை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவரும், ரஷ்யாவின் கிழக்கிலுள்ள கபரோவ்ஸ்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. சனவரியில் வான்கூவரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை. கபரோவ்ஸ்கிலோ உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகை. பசிபிக்கில் இவ்வளவு வடக்கே வெப்பத்தைச் சுமந்து செல்லும் வலுவான நீரோட்டம் இல்லை. இருந்தும் வேறுபாடு இத்தனை பெரிது.

காரணம் காற்றே. கடல் கோடையில் சூரிய வெப்பத்தைச் சேமித்து, குளிர்காலத்தில் மெல்ல வெளியிடுகிறது. மேலைக்காற்று அவ்வெப்பத்தைக் கண்டங்களின் மேற்குக் கரைக்குக் கொண்டுவருகிறது. கிழக்குக் கரைக்கோ உறைந்த நிலப்பரப்பின் குளிரையே கொண்டுவருகிறது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் காற்றின் பாதையை வளைத்து, ஐரோப்பாவுக்குத் தென்மேற்கிலிருந்து வெப்பக்காற்று வரவும் வழிசெய்கிறது. நீரோட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் குழாய் மட்டுமே காரணம் என்று இனிச் சொல்வதற்கில்லை.

உறையாத துறைமுகம்

அப்படியானால் நீரோட்டத்தின் பங்கு தெளிவாகத் தெரியும் இடம் எது? வடக்கே செல்லச் செல்ல அது துலங்குகிறது. முதல் உலகப் போரில் ரஷ்யாவுக்கு நட்பு நாடுகளிடமிருந்து தளவாடங்கள் கடல்வழியே வரவேண்டியிருந்தது. ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகம் குளிர்காலத்தில் உறைந்துவிடும். ஆகவே அதைவிடவும் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் 69ஆம் அட்சரேகையில், 1916இல் மூர்மன்ஸ்க் நகரைத் தோற்றுவித்து இருப்புப்பாதையும் அமைத்தனர். நார்வேக் கரையைச் சுற்றி வரும் வெதுவெதுப்பான நீரால் அத்துறைமுகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. தெற்கே உள்ளது உறைய, வடக்கே உள்ளது உறையாதிருப்பதற்கு அட்சரேகையில் விடை இல்லை. கடல் நீரில்தான் உள்ளது.

இன்று இன்னொரு குழப்பமும் நிலவுகிறது. வளைகுடா நீரோட்டம் நின்றுவிடும் என்று செய்திகள் வருகின்றன. காற்று வீசி, பூமி சுழலும்வரை அது முற்றிலும் நிற்காது. தளரக்கூடியது வேறொன்று. வடக்கே சென்ற உப்புநீர் குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் மூழ்கித் தெற்கே திரும்பும் மேல்கீழ்ச் சுழற்சியே அது. பனி உருகிச் சேரும் நன்னீர் கடல்நீரின் கனத்தைக் குறைத்து, மூழ்குவதைத் தடுக்கிறது. இந்நூற்றாண்டில் இச்சுழற்சி தளர்வது பெரும்பாலும் உறுதி என்று பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2021இல் மதிப்பிட்டது.

எனவே வகுப்பில் இப்பாடம் வரும்போது, உலகப் படத்தில் மூர்மன்ஸ்கையும் வான்கூவரையும் சேர்த்தே காட்டுங்கள். ஒன்று நீரின் வேலையைக் காட்டும். மற்றொன்று காற்றின் வேலையைக் காட்டும்.