தண்டனையின் அளவு



குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா, இல்லையா என்று முடிவு செய்வதோடு நீதிபதியின் வேலை தீர்ந்துவிடுகிறது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது பாதி வேலைதான். குற்றவாளி இவனே என்று ஆன பிறகு, இவனுக்கு என்ன தண்டனை, எவ்வளவு காலம் என்னும் கேள்வி எழுகிறது. வாலாஜாபாத்தில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாளில், மேல் வகுப்பு மாணவர்கள் செய்தித்தாளும் கையுமாக வந்து, "ஐயா, இருவரும் கொலைதானே செய்தார்கள்? ஒருவனுக்குத் தூக்கு, மற்றவனுக்கு ஆயுள் என்பது எப்படி?" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

தண்டனைக்கு மூன்று நோக்கங்கள் உண்டு என்பர். செய்த தீங்குக்கு ஈடாகத் துன்புறுத்துதல் ஒன்று. பிறர் அதைக் கண்டு அஞ்சும்படி செய்தல் மற்றொன்று. குற்றவாளியைத் திருத்தி மீண்டும் ஊருக்குள் வாழ விடுதல் மூன்றாவது. இவற்றுள் திருத்துதல் என்பது இரக்கத்தின் மறுபெயர் என்று நினைத்துவிடக் கூடாது. நம் பக்கத்து ஊரான செங்கற்பட்டில் 1887ஆம் ஆண்டில் சீர்திருத்தப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவன் ஒருவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் நீதிபதி, அவனைச் சிறைக்கு அனுப்பாமல் இத்தகைய பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் அங்கே அவன் இருக்கவேண்டிய காலம் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது, ஏழு ஆண்டுகளுக்கு மேற்படாது. சில மாதச் சிறையோடு போகவேண்டிய சில்லறைத் திருட்டுக்கு மூன்று ஆண்டுகள்! தொழில் கற்று மனம் மாற அவ்வளவு காலம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே தண்டனையும் திருத்தமும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல. ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாமற் போவதும் உண்டு.

கொலைக்குற்றத்தில் இந்த மூன்றும் மோதுவதைத் தெளிவாகக் காணலாம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ், மரண தண்டனைக்குரிய குற்றத்தில் அதை விதிக்காமல் விடும் நீதிபதி, ஏன் விட்டேன் என்று காரணம் எழுதவேண்டும். தூக்கு என்பது வழக்கம்; உயிர்ப்பிச்சை விதிவிலக்கு. 1955இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ முறையைத் தலைகீழாக்கியது. தூக்கு விதிப்பதற்கே தனிச்சிறப்பான காரணம் எழுதவேண்டும் என்றது. அதோடு, குற்றவாளி எனத் தீர்த்த பிறகு தண்டனையைப் பற்றி மட்டும் அவனைத் தனியே விசாரிக்கவேண்டும் என்றும் விதித்தது. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதுச் சட்டத்திலும் இவ்விரு விதிகளும் தொடர்கின்றன.

இரண்டாம் விசாரணை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முதல் விசாரணையில் பேசப்படுவது செயல். யார் குத்தினான், எப்போது, எந்தக் கத்தி என்பவை. குத்தியவன் எப்படி வளர்ந்தான், முன்பு குற்றம் செய்தவனா, இனித் திருந்துவானா என்பவை அங்கே வரா, வரவும் கூடாது. அவை வருவதற்குத் தனி இடம் வேண்டும். 1976இல் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில், கீழ் நீதிமன்றம் இந்த விசாரணையே இல்லாமல் தூக்கு விதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கி, முறைப்படி விசாரித்துவிட்டு மீண்டும் தீர்மானிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1980இல் ஐந்து நீதிபதிகள் கூடி வகுத்த நெறி இன்னும் முக்கியமானது. அரிதினும் அரிதான வழக்கிலேயே தூக்கு. குற்றவாளி திருந்தமாட்டான் என்பதைச் சான்றுகாட்டி நிறுவவேண்டிய பொறுப்பு அரசினுடையது.

எழுத்தில் இவ்வளவும் நன்றாகவே இருந்தது. நடப்பில் எப்படி என்பதை நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று காட்டுகிறது. 2009 ஜூலையில், கடலூர் மாவட்டத்தில், பள்ளியிலிருந்து திரும்பிய ஏழு வயதுச் சிறுவனை ஓர் இளைஞன் கடத்திச் சென்றான். ஐந்து லட்சம் ரூபாய் கேட்டான். சிறுவன் கொல்லப்பட்டான். 2010இல் கீழ் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அவ்வாண்டிலேயே உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள், இறந்தவன் பெற்றோரின் ஒரே ஆண்பிள்ளை என்பதும் ஒன்று. மறு ஆய்வு மனுவும் அவ்வாண்டிலேயே, வழக்கறிஞர் வாதமின்றி, தள்ளுபடியானது. மரண தண்டனை வழக்குகளில் மறு ஆய்வைத் திறந்த நீதிமன்றத்திற் கேட்கவேண்டும் என்று 2014இல் ஒரு தீர்ப்பு வந்திராவிட்டால், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மனு மீண்டும் எடுக்கப்பட்டு 2023 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. குற்றம் செய்தவன் இவனே என்பதில் நீதிபதிகளுக்கு ஐயமில்லை. செயல் கொடியது என்பதிலும் ஐயமில்லை. அவர்கள் கண்ட குறை வேறு: திருந்துவானா என்ற கேள்விக்குரிய செய்தி எதையும், முன்பு இவ்வழக்கைக் கண்ட எந்த நீதிமன்றமும் திரட்டிப் பார்க்கவில்லை. இப்போது அச்செய்திகள் கேட்டுப் பெறப்பட்டன. குற்றம் நடந்தபோது அவனுக்கு வயது இருபத்துமூன்று. முன்குற்றம் ஏதுமில்லை. சிறையில் உணவு தயாரிப்புத் தொழிலில் பட்டயம் பெற்றிருந்தான். எதிர்த்தட்டில், 2013இல் அவன் சிறையிலிருந்து தப்ப முயன்றதும் இருந்தது. அதையும் சேர்த்தே எடைபோட்டு, திருந்த வாய்ப்பே இல்லை என்று சொல்லமுடியாது என முடிவு செய்தனர். ஆண்பிள்ளை என்ற காரணத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. கொல்லப்பட்டது பெண்குழந்தையாயினும் கொடுமை ஒன்றே என்றனர். அந்தப் பகுதியைப் படித்தபோது, இது சொல்லியே ஆகவேண்டிய சொல் என்று எனக்குப் பட்டது.

பிறகு என்ன தண்டனை? இங்கேதான் அளவின் நுட்பம் இருக்கிறது. ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை சிறை என்பதே சட்டப்பொருள். ஆயினும் மரண தண்டனைக்கும் உரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவனைப் பதினான்கு ஆண்டு கழிந்தபின் அரசு விடுதலை செய்யலாம். தூக்குக்கும் பதினான்கு ஆண்டுக்கும் நடுவே பெரும்பள்ளம். பதினான்கு போதாது என்று நினைக்கும் நீதிபதி, வேறு வழியின்றித் தூக்கின் பக்கம் சாயக்கூடும். 2008இல் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இப்பள்ளத்தில் ஒரு படிக்கட்டு அமைத்தது: தண்டனைக் குறைப்பே இல்லாத நீண்ட சிறை. கடலூர் வழக்கிலும் அதையே கையாண்டு, தண்டனைக் குறைப்பின்றி இருபது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை என்று தீர்த்தனர். பதினான்குக்கு மேற்பட்ட ஆண்டுகள், இழந்த உயிருக்கும் பிறருக்கு எச்சரிக்கைக்கும் என்று கொள்ளலாம். உயிரை விட்டுவைத்தது, திருத்தத்துக்கு. ஏன் பதினெட்டல்ல, ஏன் இருபத்தைந்தல்ல என்று கேட்டால், கணக்குப் போட்டுக் காட்ட ஒருவராலும் இயலாது. நம் நாட்டில் அதற்கு வாய்பாடு இல்லை.

பெற்ற பிள்ளையை இழந்தவர்களுக்கு இந்த எண் எதுவும் போதாது என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர்கள் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வழக்கோடு வாழ நேர்ந்தது. கீழ் நீதிமன்றத்திலேயே இரண்டாம் விசாரணை முழுமையாக நடந்திருந்தால் இத்தனை காலம் இழுத்திராது என்பது என் கருத்து. 2022இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி வகுத்தது. தூக்குக்குரிய வழக்குகளில், விசாரணை நிலையிலேயே குற்றவாளியின் மனநிலை அறிக்கை, சிறை நடத்தை அறிக்கை முதலியவற்றைத் தருவித்துப் பார்க்கவேண்டும் என்றது. அந்த ஏற்பாடு தூக்குக்குரிய வழக்குகளுக்கானது. மோசடிக்கும் அடிதடிக்கும் நம் ஊர்ப்பக்கத்துச் சிறு நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவனிடம், "தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்?" என்று கேட்கிறார்கள். "குடும்பம் இருக்கிறது, ஐயா" என்கிறான். அதுவும் ஏட்டில் பதிவாகிறது.