ஒரே ரயிலில் ஏறும் இரண்டு பேர்: பயனர் ஆய்வைப் பெர்சோனாவாக்குதல் குறித்துத் தங்கவயலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

தங்கவயலின் மாரிகுப்பம் நிலையத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில்களில் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். 2001இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் ஊரில் பிழைப்பு குறைந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரமே வேலை தரும் இடமாயிற்று. இந்தப் பயணிகளுக்காக ஒரு கைபேசிச் செயலி செய்ய நினைக்கும் குழுவை எடுத்துக்கொள்வோம். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பதும் ரயில் தாமதத்தை முன்கூட்டிச் சொல்வதும் அதன் வேலை.

குழு பெங்களூரில் உட்கார்ந்திருக்கிறது. ஆய்வாளர் தங்கவயலின் ஸ்கெலட்டன், ஊர்காம், சாம்பியன் பக்கங்களில் பலரோடு பேசிவிட்டுத் திரும்புகிறார். ஐம்பது பக்கக் குறிப்புகளை நிரலாளர் படிக்கப் போவதில்லை. அதனால் கண்டறிந்ததை இரண்டு மூன்று மனித உருவங்களாகத் திரட்டித் தருவது வழக்கம். அப்படித் திரட்டிய உருவமே பெர்சோனா.

இந்த முறையைப் பரப்பியவர் அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர். 1983இல் ஒரு திட்ட மேலாண்மை மென்பொருளை எழுதும்போது, தாம் பேட்டி கண்டவர்களில் ஒருவரை மனதில் நிறுத்தி, அவராகவே நடித்துப் பார்த்து, எந்த வசதி தேவை, எது வெறும் அலங்காரம் என்று முடிவெடுத்தார். பிறகு 1990களில் வேறொரு நிறுவனத்துக்காகப் பல பயனர்களைச் சந்தித்து, அவர்களைச் சில வகை ஆட்களாகப் பிரித்துக் குழுவின் முன் வைத்தார். அவரது எண்ணத்தின் மையம் எளிது. ‘பயனர்’ என்ற சொல் ரப்பர் மாதிரி இழுபடும். பெயரும் வேலையும் உள்ள ஓர் ஆளை அப்படி இழுக்க முடியாது.

2. தங்கவயல் காட்டும் முதல் பாடம்

பெரும்பாலான பெர்சோனாக்கள் வயது, பால், வருமானம், ஊர், தாய்மொழி என்று தொடங்குகின்றன. தங்கவயலில் இந்தப் பட்டியல் உடனே பயனற்றுப்போகும். சுரங்க லைன்களில் வளர்ந்த தமிழ்க் குடும்பம், சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை, முப்பதைத் தாண்டிய வயது, பெங்களூரில் வேலை என்று சொன்னால் ஒரே பெட்டியில் நிற்கும் பலருக்கும் அது பொருந்தும். ஆனால் அவர்கள் செயலியை ஒரே மாதிரி பயன்படுத்தமாட்டார்கள். மொழியில்கூட வீட்டுப் பேச்சு தமிழ் என்பது பாதி உண்மைதான். பள்ளியில் படித்தது தமிழா, ஆங்கிலமா, கன்னடமா என்பதைப் பொறுத்து, கைபேசியில் எதைத் தயங்காமல் படிப்பார் என்பது மாறும்.

எனவே பிரிவுக்கோடு நடத்தையில் விழ வேண்டும். பேட்டிக் குறிப்புகளிலிருந்து, ஆளுக்கு ஆள் மாறுகிற நடத்தைகளை எடுத்து அளவுகோல்களாக வரையலாம். இங்கே பயன்படக்கூடியவை: அரைமணி தாமதத்தால் என்ன இழப்பு, கூலி மாதமா, வாரமா, நாளா, கைபேசி தனக்கே உரியதா, வீட்டில் பொதுவா, டிக்கெட்டைத் தானே எடுக்கிறாரா, வேறொருவரா, ரயில் செய்தி யாரிடமிருந்து வருகிறது, திரும்பும் நேரம் நிலையானதா.

3. குறிப்பிலிருந்து உருவம் வரை

இந்தப் பகுதியில் வரும் ஆட்கள் செய்முறையை விளக்க நான் கட்டியவர்கள். எந்தக் கணக்கெடுப்பின் முடிவும் அல்ல.

பன்னிரண்டு பேரிடம் பேசியதாகக் கொள்வோம். ஒவ்வோர் அளவுகோலையும் ஒரு கோடாக வரைந்து, ஆளுக்கொரு எண் கொடுத்து, அந்தந்த இடத்தில் எழுத வேண்டும். பிறகு கோடுகளைத் தாண்டிப் பார்க்க வேண்டும். 2, 5, 9, 11 என்ற எண்கள் ஒரு கோட்டில் மட்டும் பக்கத்தில் இருந்தால் அது தற்செயல். நான்கைந்து கோடுகளிலும் சேர்ந்தே வந்தால் அங்கே ஒரு வகை இருக்கலாம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: ஏன் சேர்ந்து வருகிறார்கள்? காரணம் சொல்ல முடியாத சேர்க்கையை விட்டுவிடுவதே நல்லது. இந்த நால்வரும் ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை செய்பவர்கள் என்று வைப்போம். வாசலில் நேரம் தவறினால் கூலி பிடிப்பார்கள். வேலை நேரத்தில் கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வீட்டில் நல்ல கைபேசி ஒன்றுதான். அது தம்பியிடமோ மகனிடமோ இருக்கிறது. அதனால் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பதும் அந்தத் தம்பியோ மகனோதான். ரயில் செய்தி முந்தைய நிலையத்தில் ஏறும் தோழியின் அழைப்பில் வருகிறது. ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காரணமாகிறது. இங்கே உருவம் கட்டலாம்.

ஸ்டெல்லா என்று பெயர் வைப்போம். இருட்டோடு ஸ்கெலட்டனை விட்டுக் கிளம்புகிறார். கையில் பட்டன் போன். அவருக்கு வேண்டியது இரண்டு: வாசல் மூடுமுன் ஆலைக்குள் போவது, ரயிலில் பரிசோதகர் கேட்கும்போது தடுமாறாமல் டிக்கெட்டைக் காட்டுவது.

மற்றொருவர் பிரகாஷ். மாதச் சம்பளம், சொந்த ஸ்மார்ட்போன், வேலை முடியும் நேரம் நிலையில்லை. காலைத் தாமதம் அவருக்கு எரிச்சல், கூலி இழப்பு அல்ல. எந்த ரயிலில் திரும்பலாம் என்று மாலையில் தேடுகிறார்.

இப்போது ஒரு முடிவு. ரயில்வேயின் யூடிஎஸ் செயலியில் இருந்ததுபோல, காகிதமில்லா டிக்கெட்டை எந்தக் கைபேசியில் எடுத்தோமோ அதில்தான் காட்ட வேண்டும் என்று வைப்போம். பிரகாஷுக்கு இது தடையே இல்லை. ஸ்டெல்லாவுக்குத் தம்பி புதுப்பித்தால் டிக்கெட் தம்பியின் பையில் தங்கிவிடும். அச்சு எடுக்கும் வழிதான் அவருக்குப் பயன்படும். ஆகவே குழு ‘இன்னொருவருக்காக’ என்ற பாதையை முதல் திரையிலேயே வைத்து, அச்சு வகையை இயல்புத் தேர்வாக்க வேண்டும். தாமதச் செய்தி சாதாரணக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். பிரகாஷுக்காகச் செய்த திரையில் ஸ்டெல்லாவுக்கு இடமில்லை. ஸ்டெல்லாவுக்காகச் செய்ததில் பிரகாஷ் சமாளித்துக்கொள்வார். முதன்மைப் பெர்சோனாவைத் தேர்வதற்கான சோதனை இதுதான். எண்ணிக்கையில் யார் அதிகம் என்பது இங்கே பேச்சல்ல.

4. குழுவின் முன் வைக்கும் முறை

ஒரு தாள் போதும். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்தப் பேட்டியிலிருந்து வந்தது என்ற எண் இருக்க வேண்டும். ஊகம் என்றால் ஊகம் என்றே எழுத வேண்டும். விருப்பமான நடிகர், காலை உணவு போன்ற ஒப்பனைகளைச் சேர்க்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எந்தத் திரையையும் மாற்றாத விவரம் அது. அழகான விளம்பரப் படமும் கெடுதல். குழு முகத்தை நினைவில் வைத்து நடத்தையை மறந்துவிடும்.

5. எல்லைகள்

கிறிஸ் சாப்மன், ரஸ்ஸல் மில்ஹம் இருவரும் 2006இல் இம்முறையைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ஒரு பெர்சோனா உண்மையில் எத்தனை பேரைக் குறிக்கிறது என்று சரிபார்க்க வழியில்லை என்பது அவர்கள் வாதம். கணக்கு அவர்கள் பக்கம்தான். ஒவ்வொரு பண்பும் பயணிகளில் பாதிப்பேருக்குப் பொருந்தும், பண்புகளுக்குள் தொடர்பில்லை என்று கொண்டால், ஐந்து பண்புகளும் சேர்ந்து அமைபவர் முப்பத்திரண்டில் ஒருவரே. விவரம் கூடக்கூட உருவம் உயிர்பெறுகிறது, ஆட்கள் குறைகிறார்கள். காரணத்தால் கோர்க்கப்பட்ட பண்புகள் தனித்தனியாக அலைவதில்லை என்பதால் ஸ்டெல்லா அந்த அளவுக்குச் சுருங்கமாட்டார். ஆனாலும் பன்னிரண்டு பேட்டிகளை வைத்து ‘பயணிகளில் மூன்றில் ஒருவர் ஸ்டெல்லா’ என்று எழுதக் கூடாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் அந்த அளவுகோல்களையே கேள்விகளாக்கி நிலையங்களில் தனியே கணக்கெடுக்க வேண்டும்.

பெர்சோனா கெட்டுப்போனதைக் கூட்டத்தில் கேட்டே அறியலாம். ‘ஸ்டெல்லாவுக்கு இது பிடிக்கும்’ என்று ஒருவர் தம் விருப்பத்துக்கு அவர் பெயரைத் துணைக்கு அழைப்பது முதல் அறிகுறி. எந்தப் பேட்டி என்று கேட்டால் பதில் வராது. யார் வாயிலும் பெயரே வராமல் போவது இரண்டாவது. ஆறு மாதமாக எந்த வசதியையும் அவர் தடுக்கவில்லை என்றால் அவர் இருந்தும் இல்லாதவர்தான்.

ரயில் நேரம் மாறினாலோ, ஆலை தன் பேருந்தை அனுப்பத் தொடங்கினாலோ, வீட்டில் இரண்டாவது ஸ்மார்ட்போன் வந்தாலோ ஸ்டெல்லாவின் காரணச் சங்கிலி அறுந்துபோகும். தாளின் மேல்மூலையில் பேட்டி எடுத்த மாதத்தைக் குறித்துவைத்தால், எப்போது மறுபடியும் மாரிகுப்பம் ரயிலில் ஏறிப் பேச வேண்டும் என்று குழுவுக்குத் தெரியும்.