தீயில் அழிந்த சரக்குக் கணக்கு

தீயில் அழிந்த சரக்குக் கணக்கு என்பது, விபத்து நாளன்று இருந்த சரக்கின் அடக்கவிலையை மதிப்பிட்டு, காப்பீட்டால் மீளும் தொகையையும் மீளாத நட்டத்தையும் பிரித்தெழுதும் கணக்கியல் முறையாகும். களியக்காவிளை வட்டாரத்து ரப்பர் ஷீட் கிடங்கொன்றில் தொடக்கச் சரக்கு 6 லட்சம், கொள்முதல் 30 லட்சம், விற்பனை 32 லட்சம் ரூபாய், மொத்த லாபம் விற்பனையில் 10 சதவீதம் எனக் கொண்டால், விற்ற சரக்கின் அடக்கம் 28.8 லட்சமாகி, தீப்பிடித்த நாளின் இருப்பு 7.2 லட்சமாகிறது. பேரேடுகளும் எரிந்துபோயிருந்தால், தாக்கல் செய்த ஜிஎஸ்டி படிவங்களிலிருந்து கொள்முதலையும் விற்பனையையும் மீட்டெடுக்கலாம்.

கருகாது எஞ்சிய ஷீட்டின் மதிப்பு 70,000 ரூபாய் எனில் நட்டம் 6.5 லட்சமாகும், ஆனால் பாலிசி 5.4 லட்சத்துக்கே எடுக்கப்பட்டிருந்தால், நட்டம் பாலிசித் தொகைக்குச் சற்றே மேலிருந்தும் அத்தொகை முழுவதும் கிடைக்காது. இருப்பில் காப்பீடு செய்த விகிதமான முக்கால் பங்கை மட்டும் தரும் சராசரி விதிப்படி, 4,87,500 ரூபாயே இழப்பீடாகும். வியாபாரக் கணக்கில் 6.5 லட்சம் வரவு வைக்கப்பட்டு, இழப்பீடு காப்பீட்டு நிறுவனத்தின் பேரிலும், எஞ்சிய 1,62,500 இலாப நட்டக் கணக்கிலும் பற்று எழுதப்படும். அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும், 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி திருப்பிச் செலுத்த வேண்டியிருப்பதால், உரிமைகோரலில் சேராத அவ்வரியும் வணிகரின் நட்டமாகிறது.